வேளைக்கா, நாளைக்கா? நீரிழிவு உரையைத் தமிழில் சுருக்கும்போது அளவுகள் பிழையாமல் காத்தல்

மருத்துவ உரையொன்றை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுபவை "வீதம்", "ஒருமுறை", "வரை", "குறையாமல்" போன்ற சிறு சொற்களாகும். பிற துறை உரைகளில் இச்சொற்கள் நீங்கினாலும் பொருள் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நீரிழிவு பற்றிய உரையில் மருந்தின் அளவே இச்சொற்களின் மீது நிற்பதால், அவை நீங்கிய இடத்தில் எண் மட்டும் எஞ்சுகிறது. படிப்பவர் தமக்குத் தோன்றிய அலகையும் காலத்தையும் அவ்வெண்ணோடு தாமே சேர்த்துக்கொள்ள நேர்கிறது. இன்சுலினைப் பொறுத்தவரை, அவ்வாறு சேர்த்துக்கொண்டது தவறானால், நோயாளி இரவிலேயே சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்கக்கூடும். ஆகவே, மருத்துவர் ஆற்றிய உரையைச் செவிலியருக்கோ, மாணவருக்கோ, நோயாளிக்கோ பயன்படும் வகையில் தமிழில் சுருக்கி எழுதுபவர், எதை விடலாம் என்பதற்கு முன்னால், எவற்றைத் தனித்தனியே பிரிக்கக்கூடாது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டியவராகிறார்.

உரையில் வரும் ஓர் அளவு உண்மையில் ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிய பல செய்திகளின் கட்டு. எந்த மருந்து அல்லது எந்தப் பரிசோதனை, எவ்வளவு, எந்த அலகில், எதற்கு எவ்வளவு வீதம், எந்த நிலையில் இருப்பவருக்கு என்னும் இவை அனைத்தும் சேர்ந்தே அந்த எண்ணுக்குப் பொருள் தருகின்றன. இக்கட்டை இங்கே "அளவுக் கூற்று" என்று குறிப்பிடுவது பேச்சுக்கு எளிதாக இருக்கும். சுருக்கும் கை அளவுக் கூற்றை முழுதாக வைத்துக்கொள்ளலாம், அல்லது முழுதாக நீக்கிவிடலாம். அதன் நடுவே வெட்டுவது ஒன்றே கூடாதது.

எடுத்துக்காட்டுக்காக, நீரிழிவு உரைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒரு பகுதியை அமைத்துக்கொண்டு பார்க்கலாம். இரண்டாம் வகை நீரிழிவுடைய, 60 கிலோ எடையுள்ள ஒருவர், மெட்ஃபார்மின் மாத்திரையை வேளைக்கு 1000 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் எடுத்துவந்தும், சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை. உரையாளர் இப்போது அடித்தள இன்சுலின் தொடங்குவதைப் பற்றிப் பேசுகிறார். அடித்தள இன்சுலின் என்பது, உணவோடு தொடர்பின்றி நாள் முழுவதும் உடலுக்குத் தேவைப்படும் இன்சுலினை ஈடுசெய்வதற்காக, தோலுக்கடியில் போடப்பட்டு நீண்டநேரம் செயல்படும் வகையாகும். அதனை நாளொன்றுக்கு மொத்தம் 10 யூனிட் என்றோ, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் வீதமோ தொடங்கலாம் என்றும், வெறும் வயிற்றுச் சர்க்கரை இலக்கை எட்டும்வரை மூன்று நாட்களுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டலாம் என்றும், சர்க்கரை தாழ்ந்து அதற்குக் காரணம் தெரியாவிட்டால் இன்சுலின் அளவில் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். இது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நெறிமுறைகளில் உள்ள வழி. இலக்கு, பெரும்பாலான பெரியவர்களுக்கு, உணவுக்கு முன் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம். டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லிலிட்டர்.

இப்பகுதியை அவசரமாகச் சுருக்கினால் பின்வருமாறு அமையும்: "மாத்திரையில் கட்டுப்படாதவர்களுக்கு இன்சுலின் 0.1–0.2 யூனிட்/கிலோ தொடங்கி, மூன்று நாட்களுக்கு 2 யூனிட் கூட்டி, சர்க்கரையை 80–130-க்குள் கொண்டுவர வேண்டும். தாழ்ந்தால் 10–20 சதவீதம் குறைக்க வேண்டும்." இதில் உள்ள எண்கள் ஒவ்வொன்றும் உரையாளர் சொன்ன எண்களே. உரையின் ஒலிப்பதிவோடு எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் ஒரு பிழையும் தென்படாது. ஆயினும் இது மருத்துவமனைச் சுவரில் ஒட்டத் தகாத சுருக்கம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகக் காண வேண்டும்.

முதலாவதாக, "நாளொன்றுக்கு" என்னும் சொல் விழுந்துவிட்டது. "கிலோவுக்கு 0.1 யூனிட்" என்னும் அதே எண் நீரிழிவு மருத்துவத்தில் முற்றிலும் வேறான ஓரிடத்திலும் வருகிறது. இன்சுலின் பற்றாக்குறையால் உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கும் அவசரநிலையைக் கீட்டோஅசிடோசிஸ் என்பர். அதற்குச் சிகிச்சையாக, குறைந்தநேரம் செயல்படும் இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் வீதம் நரம்பு வழியே, அதாவது சிரை வழியே, சொட்டாகச் செலுத்தப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 6 யூனிட். அடித்தள இன்சுலினிலோ அதே கணக்கு நாளுக்கு 6 யூனிட். ஒரே உரையில் இரு பகுதிகளும் வரும்போது, இரண்டிலும் காலச்சொல்லை நீக்கிவிட்டு "0.1 யூனிட்/கிலோ" என்று மட்டும் எழுதினால், இரண்டு வேறு மருத்துவ முறைகள் ஒரே வரியாகத் தோன்றும். இன்சுலினின் வகையும் செலுத்தும் வழியும் இவ்விடத்தில் அளவுக் கூற்றின் பிரிக்க முடியாத உறுப்புகள். "இன்சுலின்" என்று பொதுவாக எழுதுவது போதாது.

இரண்டாவதாக, "மூன்று நாட்களுக்கு 2 யூனிட் கூட்டி" என்பதைத் தமிழ் அறிந்த எவரும் இரு வகையில் படிக்கலாம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை என்பது ஒன்று. மூன்று நாட்கள் வரை நாள்தோறும் என்பது மற்றொன்று. 12 யூனிட்டில் தொடங்கியவர் முதல் வகையில் படித்தால் நான்காம் நாள் 14 யூனிட்டில் இருப்பார். இரண்டாம் வகையில் படித்தால் அதே நாளில் 18 யூனிட்டை எட்டியிருப்பார். நீண்டநேரம் செயல்படும் இன்சுலினில் ஓர் அளவை மாற்றினால் அதன் விளைவு நிலைபெறச் சில நாட்கள் ஆகும் என்பதாலேயே மூன்று நாள் இடைவெளி வைக்கப்பட்டிருக்கிறது. நாள்தோறும் கூட்டுபவர், முந்தைய மாற்றத்தின் பலன் தெரியுமுன்பே அடுத்த மாற்றத்தைச் செய்கிறார். வேற்றுமை உருபு "கு" தமிழில் இவ்விரு பொருளையும் இயல்பாகத் தாங்குவதால், "ஒருமுறை" என்னும் சொல் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

இதே வகைக் குழப்பத்துக்கு இடம்தரும் மற்றொன்று மாத்திரை அளவு. "மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், இரு வேளை" என்றால் வேளைக்கு ஆயிரமா, இரு வேளைக்கும் சேர்த்து ஆயிரமா என்பது சொல்லில் இல்லை. இங்கே தமிழ் தானே ஒரு நல்ல கருவியை வைத்திருக்கிறது. கூலியையும் பங்கையும் பேசும்போது வழக்கத்தில் உள்ள "வீதம்" என்னும் சொல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே என்னும் பொருளை ஐயமின்றித் தருகிறது. "வேளைக்கு 1000 மில்லிகிராம் வீதம் இரு வேளை" என்று எழுதிவிட்டால் அன்றைய மொத்தம் 2000 மில்லிகிராம் என்பதில் வேறு எண்ணத்துக்கு இடமில்லை. "வேளை" என்பது உணவோடும் மருந்தோடும் பழகிய சொல்லாதலால் நோயாளிகளுக்கும் அது உடனே விளங்கும்.

மூன்றாவதாக, "சர்க்கரையை 80–130-க்குள்" என்ற தொடரில் எந்த நேரத்துச் சர்க்கரை என்பது இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது குறைந்தது எட்டு மணி நேரம் உணவின்றி இருந்தபின் எடுக்கப்படுவது. அடித்தள இன்சுலினைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது அந்த அளவே. "வெறும் வயிற்றில்" என்னும் சொல்லை விட்டுவிட்டால், மதிய உணவுக்குப் பிறகு 170 வந்ததைக் கண்ட ஒருவர், காலை அளவு 95 ஆக இருந்தும், இரவு இன்சுலினைக் கூட்டக்கூடும். அதன் விளைவு அடுத்த நாள் விடியற்காலையில் தெரியும். நான்காவதாகிய "10–20 சதவீதம் குறைக்க வேண்டும்" என்பதில், எதில் சதவீதம் என்பதே இல்லை. தாழ்ந்திருப்பது சர்க்கரை, அதே வாக்கியத்தில் குறைக்கப்பட வேண்டியது இன்சுலின். எழுவாயும் செயப்படுபொருளும் சொல்லப்படாத தமிழ் வாக்கியம் பேச்சில் இனிமையாக ஓடலாம். மருந்தளவைச் சொல்லும் வாக்கியத்தில் அவை எழுத்தில் நின்றாக வேண்டும்.

அலகுகளின் பெயர்களைத் தமிழில் எழுதும்போது வேறு சில சிக்கல்கள் எழுகின்றன. இன்சுலினின் அளவைச் சொல்லும் "யூனிட்" என்பதைக் கலைச்சொல் நூல்களைப் பின்பற்றி "அலகு" என்று எழுதுவோர் உண்டு. ஆனால் மில்லிகிராம், மில்லிலிட்டர் ஆகியனவும் அலகுகளே ஆதலால், "எத்தனை அலகு", "எந்த அலகில்" என்னும் இரண்டும் ஒரே சொல்லில் மோதிக்கொள்கின்றன. இன்சுலினுக்கு "யூனிட்" என்றும், அளவையின் பொதுப்பெயருக்கு "அலகு" என்றும் உரை முழுதும் பிரித்து வழங்குவதே பாதுகாப்பானது. யூனிட் என்பது எடையன்று, செயல்திறனின் அளவு என்பதும் நினைவில் இருக்க வேண்டும்; 1920-களின் தொடக்கத்தில் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டபோது, தூய்மை வேறுபட்ட சாறுகளை ஒப்பிடுவதற்காக, அவை முயலின் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு குறைக்கின்றன என்பதைக் கொண்டே யூனிட் வரையறுக்கப்பட்டது. ஆகவே, யூனிட்டை விளக்குகிறோம் என்று அதனை மில்லிகிராமாகவோ மில்லிலிட்டராகவோ மாற்றி எழுதுவது உதவியாகாது.

மில்லிலிட்டராக மாற்றுவதில் உள்ள ஆபத்து இந்தியச் சூழலில் மிகவும் கண்கூடானது. இங்கே மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளவை பரவலாக உள்ளன. பேனாவில் பொருத்தும் குழல்களிலும் சில குப்பிகளிலும் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் இருக்கிறது. இவற்றுக்கு உரிய சிரிஞ்சுகளும் வெவ்வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடியும், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டவை. 100 யூனிட் வகை இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்னும் கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 50 யூனிட். மாறாக, 40 யூனிட் வகையை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர், அதாவது 8 யூனிட் மட்டுமே. உரையாளர் இதை எச்சரிக்கையாகச் சொல்லியிருந்தால், சுருக்கத்தில் மூடியின் நிறம், குப்பியின் செறிவு, கோட்டின் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே இடம்பெற வேண்டும். இடமில்லையெனில், "குப்பிக்கு ஏற்ற சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும்" என்ற வாக்கியத்தை எண்களின்றி எழுதுவது, பாதி எண்களோடு எழுதுவதைவிட மேலானது.

யூனிட்டை ஆங்கில எழுத்தான யு-வால் சுருக்கி எழுதுவது கையெழுத்தில் சுழியமாகத் தோன்றி 4 யூனிட் 40 ஆகிவிடக்கூடும் என்பதால், மருத்துவப் பாதுகாப்பு அமைப்புகள் அதனைத் தவிர்க்கும்படி கூறுகின்றன. தமிழ்ச் சுருக்கங்களிலும் இதே கவனம் தேவை. மில்லிகிராமுக்கு மி.கி., மில்லிலிட்டருக்கு மி.லி., மைக்ரோகிராமுக்கு மை.கி. என்று எழுதும்போது, ஆயிரம் மடங்கு வேறுபாடு "மி", "மை" என்னும் ஒரே உயிர்மெய்க் குறியில் தொங்குகிறது. கிராமும் கிலோவும் இரண்டும் "கி" என்றே தொடங்குகின்றன. அச்சில் இடம் சிறிது கூடினாலும், அலகின் பெயரை முழுதாக எழுதிவிடுவதே நல்லது. பதின்மப் புள்ளியைப் பொறுத்தவரையில், ஒன்றுக்குக் குறைந்த எண்ணின் முன் சுழியம் இருக்க வேண்டும், முழு எண்ணாகிய மருந்தளவின் பின் புள்ளியும் சுழியமும் இருக்கக்கூடாது. 0.2 என்பது ".2" என்று எழுதப்பட்டுப் புள்ளி மங்கினால் 2 ஆகும்; 60 கிலோ எடைக்கு 12 யூனிட் என்ற கணக்கு 120 ஆகும்.

இதுவரை சொல்லப்பட்டவை ஒரே நாட்டுக்குள் நிகழ்பவை. தமிழில் எழுதப்படும் நீரிழிவுச் சுருக்கத்தின் வாசகர்கள் ஒரே நாட்டில் இல்லை என்பது அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது. இந்தியாவில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லப்படுகிறது. சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பதே வழக்கு. மோல் என்பது எடையால் அன்றி மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் அளப்பது. குளுக்கோஸைப் பொறுத்தவரை, மில்லிகிராம் கணக்கை 18-ஆல் வகுத்தால் மில்லிமோல் கணக்குக் கிடைக்கும். 126-ஐ 18-ஆல் வகுத்தால் 7.0. இவ்வெளிய கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. நீரிழிவைக் கண்டறியும் வெறும் வயிற்று எல்லை, மில்லிமோலில் 7.0. பெரும்பாலான பெரியவர்களுக்குச் சிகிச்சையின் இலக்காகச் சொல்லப்படும் எச்.பி.ஏ.1சி அளவும் 7. ஆனால் அது சதவீதம். சிங்கப்பூர் மருத்துவர் ஒருவரின் உரையில் இரண்டும் சில நிமிட இடைவெளியில் வரும்போது, "சர்க்கரை 7-க்குக் கீழே இருக்க வேண்டும்" என்று சுருக்குபவர், தம்மையறியாமல் இரண்டு 7-களை ஒன்றாக்கிவிடுகிறார். தமிழ்நாட்டில் அதைப் படிப்பவருக்கோ, குளுக்கோமீட்டரில் 7 என்னும் எண் ஒருபோதும் வருவதில்லை.

எச்.பி.ஏ.1சி பரிசோதனை மக்கள் வழக்கில் "மூன்று மாதச் சராசரி" எனப்படுகிறது. அப்பெயர் பயனுள்ளதே, எனினும் அந்த எண் சர்க்கரையின் சராசரியன்று. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்வதால்தான் அது சதவீதமாக இருக்கிறது. இதனால் இன்னொரு தடுமாற்றம் வருகிறது. ஒரு மருந்து எச்.பி.ஏ.1சி-ஐ 1 சதவீதம் குறைத்தது என்றால், 8 என்பது 7 ஆனது என்று பொருள்; 8-இல் நூற்றில் ஒரு பங்கு குறைந்து 7.92 ஆனது என்று பொருளன்று. "8 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக" என்று இரு முனைகளையும் எழுதிவிடுவது இதற்குத் தீர்வு. "1 சதவீதப் புள்ளி" என்னும் சொல்லாட்சி சரியானதே என்றாலும், முதன்முறை படிப்பவருக்கு அது விளக்கமின்றிப் புரியாது.

சதவீதம் பற்றிய இப்பேச்சில், நீரிழிவு உரைகளில் தவறாமல் குறிப்பிடப்படும் ஓர் ஆய்வையும் பார்க்க வேண்டும். 1998-இல் முடிவுகள் வெளிவந்த பிரிட்டன் நீரிழிவு ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள் பத்தாண்டுக் காலம் கவனிக்கப்பட்டனர். தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்.பி.ஏ.1சி 7.0 சதவீதமாகவும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையது 7.9 சதவீதமாகவும் இருந்தன. முதற்பிரிவினரிடம் நுண்குழல் சிக்கல்கள், அதாவது கண், சிறுநீரகம் ஆகியவற்றின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் வரும் கேடுகள், 25 சதவீதம் குறைந்தன. நீரிழிவு சார்ந்த எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 12 சதவீதமே. மாரடைப்பில் கண்ட குறைவு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. "கட்டுப்பாட்டால் சிக்கல்கள் 25 சதவீதம் குறைகின்றன" என்று சுருக்குபவர் ஓர் அடைமொழியை விட்டதால் ஆய்வின் முடிவை இரட்டிப்பாக்கிவிடுகிறார். மேலும், இந்தக் குறைவு இரு பிரிவினரையும் ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. நூறு பேரில் இருபத்தைந்து பேர் தப்பினர் என்பது அதன் பொருளன்று.

எல்லை எண்களைச் சொல்லும்போது தமிழின் பின்னொட்டுகள் அடுத்த கவனத்தைக் கோருகின்றன. நீரிழிவு என்று கொள்ளப்படும் வெறும் வயிற்று அளவு 126-இலேயே தொடங்குகிறது. "126-க்கு மேல்" என்று எழுதினால் 126 வெளியே நிற்கிறது. அந்த எண்ணே பரிசோதனைத் தாளில் வந்தவர் தமக்கு நோயில்லை என்று கொள்வார். "126 அல்லது அதற்கு மேல்" என்பது சரி. "126-க்குக் குறையாமல்" என்பது அதனினும் செறிவானது. அவ்வாறே மேல் எல்லைக்கு "மிகாமல்" என்னும் சொல் உண்டு. பத்திரங்களிலும் அரசாணைகளிலும் நெடுங்காலமாகப் பயிலும் இவ்விரு சொற்களும் மருத்துவத் தமிழில் அரிதாகவே காணப்படுவது வருத்தத்துக்குரியது. "க்குள்" என்பது எல்லையை உள்ளடக்குகிறதா விலக்குகிறதா என்பது பேசுபவருக்குப் பேசுபவர் வேறுபடுவதால், அளவுக் கூற்றில் அதனை முற்றிலும் தவிர்த்துவிடலாம்.

கலைச்சொற்களில் நேரும் பிழைகள் எண்பிழைகளைவிட அமைதியானவை, ஆதலால் நீண்டநாள் நிற்பவை. இவற்றுள் மிகவும் பரவியது, நீரிழிவின் இரண்டாம் வகையை "இரண்டாம் நிலை" என்று எழுதுவதாகும். நிலை என்றால் படிப்படியாக முற்றும் நோயின் ஒரு படி என்று பொருள்படும். முதல் வகை முற்றி இரண்டாம் வகையாகும் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். உண்மையில், முதல் வகை என்பது உடலின் தற்காப்பு அமைப்பு தானே இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு உரியவாறு செவிசாய்ப்பதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. தவிர, கணைய நோயாலோ ஸ்டீராய்டு மருந்தாலோ வரும் நீரிழிவுக்கே "இரண்டாம் நிலை" என்னும் பெயர் மருத்துவத்தில் பொருந்தும். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமையை "இன்சுலின் எதிர்ப்பு" என்று எழுதும் வழக்கமும் உண்டு; அது இன்சுலின் போட்டுக்கொள்ள மறுப்பவரின் மனநிலையைச் சொல்வது போலவும், இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் சொல்வது போலவும் ஒலிக்கிறது. எச்சொல்லைத் தேர்ந்தாலும், முதல் முறை வருமிடத்தில் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டு, உரை முழுதும் அதையே வழங்க வேண்டும். நடையழகுக்காகச் சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது கட்டுரையில் குணம். மருத்துவச் சுருக்கத்தில், இரு சொற்கள் இரு பொருள்கள் என்று வாசகரை நம்பவைக்கும் குற்றம்.

இங்கு "குணமாதல்" பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர், சர்க்கரையைக் குறைக்கும் மருந்து ஏதுமின்றி, குறைந்தது மூன்று மாதம் எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதனைத் தணிவுநிலை என்று கொள்ளலாம் எனப் பன்னாட்டு வல்லுநர் குழு 2021-இல் வரையறுத்தது. உரையாளர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது, "நோய் குணமாகிவிடும்" என்று தமிழில் எழுதினால், தணிவுநிலையில் உள்ளவரும் ஆண்டுதோறும் எச்.பி.ஏ.1சி, விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற செய்தி காணாமற்போகும். குணம் என்னும் ஒரு சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளிகளை எண்ணிப் பார்த்தால், இச்சொல் தேர்வு எழுதுபவரின் விருப்பத்துக்கு விடப்படக்கூடியதன்று.

உரையைக் கேட்டெழுதும் கட்டத்திலேயே சில பிழைகள் பிறந்துவிடுகின்றன. தமிழில் பேசும் மருத்துவரும் எண்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சொல்வதால், பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஒலிப்பதிவில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழ் எண்ணுப்பெயர்களில் இவ்விரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. ஆனால் தொண்ணூறும் எண்ணூறும் இரைச்சலுக்கிடையே மயங்கக்கூடும். மருந்துப் பெயர்களிலும் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை காதுக்கு உடன்பிறப்புகள். இங்கே அளவே பெயரைக் காட்டிக்கொடுக்கும்: கிளிமெபிரைடு மாத்திரைகள் 1, 2, 4 மில்லிகிராம் போன்ற சிறு அளவுகளில் வருபவை, ஆகவே "கிளிமெபிரைடு 80 மில்லிகிராம்" என்று எழுதப்பட்டிருந்தால், பேசியவர் சொன்னது கிளிக்லசைடாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். ஐயுற வேண்டும் என்பதே முறை. தாமே திருத்திவிடுவது முறையன்று. கிளிக்லசைடிலும் சாதாரண மாத்திரை 80 மில்லிகிராம், மெதுவாக வெளிவிடும் வகை 30 அல்லது 60 மில்லிகிராம் என்று வேறுபடுவதால், ஊகத்தால் திருத்துபவர் ஒரு பிழையை நீக்கி மற்றொன்றைப் புகுத்தக்கூடும். ஒலிப்பதிவையும் திரையில் காட்டிய படத்தாளையும் ஒப்பிட்டு, இரண்டும் முரண்பட்டால் உரையாளரிடமே கேட்டு, விடை கிடைக்காவிட்டால் அவ்விடத்தில் "அளவு பதிவில் தெளிவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி விட்டுவிடுவதே நேர்மையான வழி.

தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட பகுதிக்குத் திரும்பினால், அதன் சுருக்கம் பின்வருமாறு அமையலாம்: "இரண்டாம் வகை நீரிழிவில் மாத்திரைகளால் இலக்கை எட்டாத பெரியவர்களுக்கு, நீண்டநேரம் செயல்படும் அடித்தள இன்சுலினைத் தோலுக்கடியில், நாளொன்றுக்கு மொத்தம் 10 யூனிட் என்றோ, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 முதல் 0.2 யூனிட் வீதமோ தொடங்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 6 முதல் 12 யூனிட். வெறும் வயிற்றுச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு 80-க்குக் குறையாமலும் 130-க்கு மிகாமலும் உள்ள மில்லிகிராம் அளவை எட்டும்வரை, மூன்று நாட்களுக்கு ஒருமுறை இன்சுலினை 2 யூனிட் கூட்டலாம். சர்க்கரை தாழ்ந்து, அதற்குத் தெளிவான காரணம் தெரியாவிட்டால், அப்போது போட்டுவரும் இன்சுலின் அளவில் 10 முதல் 20 சதவீதம் குறைக்க வேண்டும்." இது முதற்சுருக்கத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீளமானது. அந்த இடத்தை உரையின் முன்னுரையிலும், திரும்பக் கூறிய பகுதிகளிலும், நோயின் வரலாற்றிலும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம். அளவுக் கூற்றில் மிச்சப்படுத்த இடமில்லை. "தொடங்கலாம்", "கூட்டலாம்" என்னும் வினைகளும் உரையாளர் கூறியவாறே நிற்கின்றன. அவற்றை "வேண்டும்" என்று இறுக்கினால், மருத்துவர் முடிவுக்கு விடப்பட்டது ஆணையாகிவிடும்.

இதன் பிறகும் எழுதியவர் தாமே படித்துப் பார்ப்பது போதாது, ஏனெனில் விடுபட்ட சொல்லை உரையைக் கேட்ட நினைவு நிரப்பிவிடும். உரையைக் கேட்காத ஒரு செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ சுருக்கத்தை மட்டும் கொடுத்து, மூன்று கணக்குகளைப் போடச் சொல்லலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தொடக்க அளவு என்ன? 12 யூனிட்டில் தொடங்கியவரின் காலைச் சர்க்கரை 150-ஐ விட்டு இறங்கவேயில்லை என்றால், தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு பத்தாம் நாளில் அவர் போட வேண்டியது எவ்வளவு? 20 யூனிட் போட்டுவருபவருக்குக் காரணமின்றிச் சர்க்கரை தாழ்ந்தால் புதிய அளவு என்ன? முதலாவதற்கு 10 அல்லது 6 முதல் 12 யூனிட், இரண்டாவதற்கு 18 யூனிட், மூன்றாவதற்கு 16 முதல் 18 யூனிட் என்னும் விடைகள் வர வேண்டும். வேறு எண் வந்தால், அவர் எந்தச் சொல்லை எவ்வாறு எடுத்துக்கொண்டு அவ்வெண்ணை அடைந்தார் என்று கேட்டறிந்து, அந்த வாக்கியத்தை மாற்றி எழுதி, முதலாமவர் இப்போது விடையை அறிந்துவிட்டபடியால், இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்.